‘மாதிரி இருக்குங்க ஐயா’

(இளம் வழக்கறிஞர்களுக்கான பயிற்சி வகுப்பு ஒன்றில், ஓய்வுபெற்ற நீதித்துறை நடுவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பணியில் இருந்த காலத்தில் எத்தனை அடையாள அணிவகுப்பு நடத்தினேன் என்று நான் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. நாற்பதோ ஐம்பதோ இருக்கும். கிளைச் சிறையின் முற்றம், காலை பத்து மணி வெயில், சுவரோரம் வரிசையாக நிற்கும் ஆட்கள், அலுவலக அறையில் உட்கார்த்தி வைக்கப்பட்ட சாட்சி. எல்லா ஊரிலும் காட்சி இதுதான்.

ஒருமுறை சங்கிலி பறிப்பு வழக்கு ஒன்று. கொண்டுவந்த ஆளின் இடது புருவத்தின் மேல் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. கைதாகும்போது விழுந்துவிட்டான் என்றார்கள். எப்படி விழுந்தான் என்பது வேறு விசாரணை. அவனோடு நிறுத்தியிருந்த எட்டு விசாரணைக் கைதிகளின் முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. பிடிபட்டவனுக்கு அடிபட்டிருக்கும் என்று யூகிக்கச் சாட்சிக்கு எவ்வளவு நேரம் ஆகும்? சிறை மருந்தாளுநரிடம் ஒரு சுருள் பிளாஸ்திரி வாங்கி, எட்டுப் பேருக்கும் அதே இடத்தில், அதே நீளத்துக்கு ஒட்டச் சொன்னேன். முற்றத்தில் எல்லோரும் சிரித்தார்கள், சந்தேக நபரும்தான். நியாயமான அணிவகுப்பு நடத்திவிட்டோம் என்று அன்று எனக்குள் ஒரு பெருமிதம். அது எவ்வளவு அரைகுறை என்பது பல ஆண்டுகள் கழித்து, சாட்சிகளின் நினைவைப் பற்றிய ஆராய்ச்சிகளைப் படிக்கத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது. பிளாஸ்திரி கண்ணுக்குத் தெரிந்த கோளாறு. பெரிய கோளாறுகள் கண்ணுக்குத் தெரியாதவை.

அதைப் புரிந்துகொள்ள ஓர் அமெரிக்க வழக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். 1984 ஜூலை, வட கரோலினா மாநிலத்தில் பர்லிங்டன் என்ற ஊர். ஜெனிஃபர் தாம்சன் என்ற 22 வயதுக் கல்லூரி மாணவியின் வீட்டுக்குள் நள்ளிரவில் ஒருவன் புகுந்து, கத்திமுனையில் பாலியல் வன்கொடுமை செய்தான். பின்னாளில் தம் பெயரைத் தாமே வெளியிட்டு, நாடெங்கும் பேசி, புத்தகமும் எழுதியவர் அவர். அந்த இருட்டிலும் அவர் ஒரு தீர்மானம் செய்தார்: உயிர் பிழைத்தால் இவனைப் பிடித்துக் கொடுக்க வேண்டும், அதற்கு இவன் முகத்தை மனப்பாடம் செய்ய வேண்டும். வெளிச்சம் கிடைத்த நேரமெல்லாம் முகத்தைப் பார்த்தார். தழும்பு உண்டா, பச்சை குத்தியிருக்கிறானா என்று தேடினார். இதைவிட நல்ல சாட்சி ஒரு புலன்விசாரணை அதிகாரிக்குக் கிடைப்பாரா?

அவர் சொன்ன அடையாளங்களை வைத்துப் படம் தயாரித்தார்கள். பத்திரிகையில் வந்தது. அதைப் பார்த்த ஒருவர் ரொனால்டு காட்டன் என்ற இளைஞனின் பெயரைச் சொன்னார். காட்டனுக்குப் பழைய வழக்கு இருந்தது. அன்றிரவு எங்கே இருந்தாய் என்று கேட்டதற்கு வேறொரு வாரக்கடைசியை நினைத்துக்கொண்டு தவறான பதில் சொன்னான். அது பொய்யாகப் பட்டது. ஆறு புகைப்படங்களை மேசையில் பரப்பினார்கள். தாம்சன் ஐந்து நிமிடம் அளவுக்குப் பார்த்தார். நான்கை விலக்கினார், மிஞ்சிய இரண்டில் ஒன்றை எடுத்தார். முதலில் அவர் சொன்னது இவன்தான் என்று நினைக்கிறேன் என்ற அளவில்தான். நினைக்கிறீர்களா என்று அதிகாரி திருப்பிக் கேட்டதும் பதில் உறுதியானது. சரியாகச் செய்தேனா என்று தாம்சன் கேட்க, பிரமாதமாகச் செய்தீர்கள் என்ற பொருளில் அதிகாரி பாராட்டினார்.

சில நாளில் நேரடி அணிவகுப்பு. ஏழு பேர். நான்காவது ஆளா ஐந்தாவது ஆளா என்று தாம்சன் தயங்கி, ஐந்தைக் காட்டினார். ஐந்தாவது ஆள் காட்டன். புகைப்படத்திலும் இருந்து வரிசையிலும் நின்றவன் அவன் ஒருவன் மட்டுமே. நீங்கள் படத்தில் எடுத்ததும் இவனைத்தான் என்று அதிகாரிகள் சொன்னார்கள். அவ்வளவுதான், சந்தேகம் முழுக்கப் போய்விட்டது. 1985 ஜனவரியில் நீதிமன்றத்தில் அவர் கை நீட்டியபோது சொல்லில் எந்தத் தயக்கமும் இல்லை. ஆயுள் தண்டனை.

இதோடு கதை முடியவில்லை. அதே சிறைக்கு பாபி பூல் என்ற வேறொரு கைதி வந்தான். காட்டனைப் போலவே இருந்தான். அந்தக் குற்றத்தைச் செய்தது நான்தான் என்று இன்னொரு கைதியிடம் சொல்லியிருந்தான். 1987இல் மறுவிசாரணை நடந்தபோது ஜூரி இல்லாத நேரத்தில் பூலை நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்து தாம்சன் முன் நிறுத்தினார்கள். இந்த ஆளை என் வாழ்நாளில் பார்த்ததே இல்லை என்றார் அவர். அதே இரவில் தாக்கப்பட்ட இன்னொரு பெண் முதல் அணிவகுப்பில் வேறு ஆளைக் காட்டியவர். அவரும் இப்போது காட்டனைக் காட்டினார். மீண்டும் ஆயுள் தண்டனை. 1995இல் மிச்சமிருந்த தடயத்தை மரபணுச் சோதனைக்கு அனுப்பியபோது அது பூலோடு பொருந்தியது. பூல் ஒப்புக்கொண்டான். பத்தரை ஆண்டுகள் சிறையில் இருந்துவிட்டு காட்டன் வெளியே வந்தான்.

தாம்சன் பொய் சொன்னாரா? இல்லை. அதிகாரி சூது செய்தாரா? அதுவும் இல்லை. அப்படியானால் எங்கே தவறியது என்பதுதான் நம் கேள்வி.

முதல் தவறு மேசையில் பரப்பிய படங்களிலேயே இருந்தது. அவற்றில் பூல் இல்லை. உண்மைக் குற்றவாளி வரிசையில் இல்லாவிட்டால் சாட்சி என்ன செய்வார்? ‘இல்லை’ என்பார் என்று நாமெல்லாம் நம்புகிறோம். கேரி வெல்ஸ் என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியர் இதைச் சோதித்தார். 1993இல் வெளியான ஆய்வு. 200 பேர் முன்னால் ஒரு திருட்டை நாடகமாக நடத்திக் காட்டினார்கள். பாதிப் பேருக்குத் திருடன் படமும் சேர்ந்த ஆறு படங்கள். அவர்களில் 54 சதவீதம் பேர் திருடனைச் சரியாக எடுத்தார்கள், 21 சதவீதம் பேர் யாரையும் எடுக்கவில்லை. மறுபாதிப் பேருக்குத் திருடன் படத்தை மட்டும் உருவிவிட்டு மற்ற ஐந்தைக் காட்டினார்கள். திருடனை எடுத்திருக்கக்கூடிய அந்த 54 பேரும் ‘யாரும் இல்லை’ பக்கம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அந்த எண்ணிக்கை 75 ஆகியிருக்க வேண்டும். ஆனது வெறும் 32. மற்றவர்கள் எல்லாம் நிரபராதி ஒருவர் படத்தை எடுத்துக் கொடுத்தார்கள்.

ஏனென்றால் மனம் முகத்தை நினைவோடு ஒப்பிடுவதைவிட, முகத்தை முகத்தோடு ஒப்பிடுகிறது. ‘இவனா?’ என்ற கேள்வி தெரியாமலேயே ‘இவர்களில் யார் நெருங்கி வருகிறான்?’ என்று மாறிவிடுகிறது. நான்கைத் தள்ளிவிட்டு இரண்டில் ஒன்றைத் தேர்ந்த தாம்சன் செய்தது இதைத்தான். பெண் தேடும்போது ஐந்து புகைப்படங்களில் ‘இது பரவாயில்லை’ என்கிறோமே, அந்த மாதிரி வேலை.

இரண்டாவது தவறு, எடுத்த பிறகு நடந்தது. என்னைப் பொறுத்தவரை இதுதான் முக்கியம். 1998இல் வெல்சும் ஏமி பிராட்ஃபீல்டும் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு கடைக்குள் ஒருவன் நுழையும் கண்காணிப்புக் காட்சியைக் காட்டி, இவன்தான் பின்னர் காவலாளியைச் சுட்டான் என்றார்கள். பிறகு காட்டிய படங்களில் அவன் படம் கிடையாது. ஆனாலும் எல்லோரும் யாரோ ஒருவனை எடுத்தார்கள். அதாவது அத்தனை பேரும் தவறு. சிலரிடம் மட்டும் ‘நல்லது, சந்தேக நபரைத்தான் எடுத்தீர்கள்’ என்று ஒரு வாக்கியம் சொல்லப்பட்டது. பிறகு கேட்டார்கள்: எடுக்கும்போது எவ்வளவு உறுதியாக இருந்தீர்கள்? முகம் எவ்வளவு தெளிவாகத் தெரிந்தது? எவ்வளவு கவனமாகப் பார்த்தீர்கள்? அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டவர்கள் மற்றவர்களைவிட உறுதியாக இருந்ததாகச் சொன்னார்கள். அதோடு விட்டாலும் பரவாயில்லை. முகம் தெளிவாகத் தெரிந்தது, கவனமாகப் பார்த்தேன் என்றும் சொன்னார்கள். எல்லோரும் பார்த்தது ஒரே காட்சி! பாராட்டு, பழைய நினைவுக்குள் புகுந்து அதைத் திருத்தி எழுதிவிட்டது.

வழக்கறிஞர்களான நீங்கள் இதன் கனத்தை உணர வேண்டும். சாட்சி நம்பகமானவரா என்று பார்க்க நாம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் எவை? வெளிச்சம் இருந்ததா, எவ்வளவு நேரம் பார்த்தீர், எவ்வளவு உறுதி? மூன்றுமே அந்த ஒரு வாக்கியத்தால் மாறக்கூடிய பதில்கள். பிரண்டன் கேரட் என்ற சட்டப் பேராசிரியர், மரபணுச் சோதனையால் விடுதலையானவர்களின் பழைய விசாரணைப் பதிவுகளைத் தோண்டிப் படித்தார். கண்ணால் கண்ட சாட்சி தவறாகக் காட்டிய 161 வழக்குகளில், 57 சதவீதத்தில் சாட்சி முதல் முறை உறுதியாக இருக்கவில்லை. நீதிமன்றத்தில் ஏறக்குறைய எல்லோரும் உறுதியாக இருந்தார்கள்.

அதற்காகச் சாட்சியின் உறுதியே பயனற்றது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். நம் ஆட்களில் சிலர் அரைகுறையாகப் படித்துவிட்டு அப்படித்தான் வாதாடுகிறார்கள். அண்மைக்கால ஆய்வுகள் நுட்பமானவை. ஒழுங்காக நடத்திய முதல் சோதனையில், யாரும் எதுவும் சொல்வதற்கு முன், அந்த நொடியில் சாட்சி வெளிப்படுத்தும் உறுதி நல்ல அளவுகோல்தான். ‘சந்தேகமே இல்லை, இவன்தான்’ என்று அங்கே சொன்னால் பெரும்பாலும் சரியாக இருக்கும். ‘மாதிரி இருக்கு’ என்றால் தவறாக இருக்க நிறைய வாய்ப்புண்டு. அளவுகோல் ஒரு தடவைதான் வேலை செய்யும், இரண்டாம் தடவைக்கு உதவாது. ஒருமுறை ஒரு முகத்தைக் காட்டிவிட்டால் அந்த முகமே நினைவில் குடியேறிவிடுகிறது. பூல் எதிரில் வந்து நின்றபோது தாம்சனால் அவனை அடையாளம் காண முடியாததற்குக் காரணம் அதுதான். அவர் நினைவில் அப்போது இருந்தது காட்டனின் முகம்.

சரி, அணிவகுப்பை எப்படி நடத்துவது? நம் நாட்டு ஏற்பாட்டில் ஒரு நல்ல அம்சம் உண்டு. 1955இலேயே உச்ச நீதிமன்றம், போலீசார் முன்னிலையில் நடக்கும் அணிவகுப்பில் சாட்சி காட்டுவது போலீசிடம் கொடுத்த வாக்குமூலத்துக்குச் சமம் என்று தள்ளிவிட்டது. அதனால்தான் நம்மிடம் நடுவர் நடத்துகிறார். நம் குற்றவியல் நடைமுறை விதிகளும் மோசமில்லை. உடன் நிற்பவர்கள் வயது, உயரம், தோற்றத்தில் ஒத்திருக்க வேண்டும், சந்தேக நபர் தன் இடத்தைத் தானே தேர்ந்துகொள்ளலாம், சாட்சிகளைத் தனித்தனியாக அழைக்க வேண்டும், ஒரு சாட்சி போய் அடுத்தவர் வருவதற்குள் இடத்தை மாற்றலாம் என்றெல்லாம் அவற்றில் உண்டு. இவ்வளவு இருந்தும் எங்கே கோட்டை விடுகிறோம்?

ஆட்களைத் தேர்வதிலிருந்து தொடங்குவோம். ‘ஒத்திருக்க வேண்டும்’ என்றால் யாரோடு? சந்தேக நபரோடு என்று நினைத்துத்தான் நான் தேடுவேன். ஆராய்ச்சியாளர்கள் சொல்வது, சாட்சி முதலில் சொன்ன வர்ணனையோடு ஒத்துப்போக வேண்டும். சாட்சி ‘ஒல்லி, சுருட்டை முடி, இருபத்தைந்து வயதிருக்கும்’ என்றிருந்தால், வரிசையில் நிற்கும் எல்லோருமே ஒல்லியாக, சுருட்டை முடியோடு, அந்த வயதில் இருக்க வேண்டும். சாட்சி சொல்லாத அம்சங்களில் ஆளுக்கு ஆள் வேறுபடலாம், வேறுபடத்தான் வேண்டும். இல்லாவிட்டால் இரட்டைப் பிறவிகளை நிறுத்தியது போலாகி, உண்மைக் குற்றவாளியையும் காட்ட முடியாது. இதற்கு வர்ணனை முன்கூட்டியே எழுத்தில் இருக்க வேண்டும். முதல் வாக்குமூலத்தில் ‘பார்த்தால் அடையாளம் காட்டுவேன்’ என்ற ஒரே வரியோடு நிறுத்திவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. அப்படிப்பட்ட வழக்கில் அணிவகுப்பு பாதி செத்துவிட்டது.

வரிசை நியாயமானதா என்று கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று இருக்கிறது. கனடாவில் ஒரு வழக்கு. கொள்ளைக்காரன் ‘பார்க்க நன்றாக இருந்தான்’ என்பதைத் தவிர சாட்சிக்கு அதிகம் நினைவில்லை. ஆனாலும் பன்னிரண்டு பேரில் ஒருவனைக் காட்டினார். டூப், கிர்ஷன்பாம் என்ற இருவர் 1973இல் அந்த அணிவகுப்பின் படத்தை, குற்றத்தையே பார்க்காதவர்களிடம் கொடுத்து, ‘அழகான ஆள் என்றார்கள், யாராக இருக்கும்?’ என்று கேட்டார்கள். குருட்டுப்போக்கில் வரவேண்டியதைவிட மிக அதிகமானோர் சரியாக அதே ஆளைக் காட்டினார்கள். பார்க்காதவனே காட்ட முடிகிறது என்றால் அங்கே சோதிக்கப்பட்டது நினைவே இல்லை. நீங்கள் எதிர்த்தரப்பில் இருந்தால் அணிவகுப்பின் புகைப்படத்தைக் கேட்டு வாங்குங்கள். வர்ணனையை மட்டும் பதினைந்து, இருபது பேருக்குப் படித்துக் காட்டிக் கேட்டுப் பாருங்கள். குறுக்கு விசாரணையில் அதைவிடக் கூர்மையான ஆயுதம் கிடைக்காது.

இன்னொரு கெட்ட வழக்கம், மூன்று நான்கு எதிரிகளை ஒரே வரிசையில் கலந்து நிறுத்துவது. ஒன்பது பேரில் மூவர் சந்தேக நபர்கள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு கை நீட்டினாலும் மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பில் ‘சரியான’ ஆள் சிக்குவான். உடன் நிற்பவர்கள் எதற்கு? சாட்சி தவறினால் அந்தத் தவறு அவர்கள் மேல் விழுந்து, நமக்குத் தெரியவேண்டும் என்பதற்கு. இங்கிலாந்தில் உண்மை வழக்குகளின் அணிவகுப்புகளை ஆராய்ந்தபோது ஏறக்குறைய ஐந்து சாட்சிகளில் ஒருவர் சம்பந்தமே இல்லாத ஆளைக் காட்டியிருந்தார். அந்த ஐந்தில் ஒருவரை நாம் பிடிக்க வேண்டுமானால், ஒரு வரிசைக்கு ஒரு சந்தேக நபர்தான் இருக்க வேண்டும்.

அடுத்து, சாட்சியிடம் என்ன சொல்கிறோம். ‘வாங்கம்மா, இதுல அவன் இருக்கான், காட்டுங்க’ என்று வார்டர் சொல்லிவிட்டால் முடிந்தது. 1981இல் மால்பாஸ், டிவைன் இருவரும் ஒரு விரிவுரை அரங்கில் ஒருவனை விட்டு உபகரணங்களை உடைக்கச் செய்து, பிறகு பார்த்தவர்களுக்கு அணிவகுப்பு நடத்தினார்கள். ஆளே இல்லாத வரிசையைக் காட்டி, அவன் இருக்கிறான் என்ற தொனியில் சொன்னபோது 78 சதவீதம் பேர் யாரோ ஒரு நிரபராதியைக் காட்டினார்கள். ‘இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்’ என்று சொன்னபோது அது 33 ஆகக் குறைந்தது. ஒரே ஒரு வாக்கியம்! ஆகவே நடுவர் இதைத் தம் வாயால் சொல்ல வேண்டும்: ‘அந்த ஆள் இந்த வரிசையில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். யாரையும் காட்டியே ஆகவேண்டும் என்பதில்லை. நீங்கள் காட்டாவிட்டாலும் விசாரணை தொடரும்.’ சொன்னதைக் குறிப்பில் எழுதவும் வேண்டும்.

இனி, நம் முறையில் யாரும் தொடாத ஓட்டை. யார் சந்தேக நபர் என்று நடுவருக்குத் தெரியும். வார்டர்களுக்கும் தெரியும். சாட்சி வரிசையில் நடந்து வரும்போது அடிக்கடி யாரைப் பார்க்கிறார் தெரியுமா? எங்கள் முகத்தைத்தான். நான் பலமுறை கவனித்திருக்கிறேன். ஓர் ஆளைத் தாண்டி இரண்டடி போய்விட்ட சாட்சியிடம் ‘நிதானமாப் பாருங்கம்மா, அவசரமில்லை’ என்று அன்பாகச் சொல்லியிருக்கிறேன். அந்த அன்பு எல்லா ஆளுக்கும் ஒரே அளவில் வந்ததா என்று இப்போது என்னால் சத்தியம் செய்ய முடியாது. தீர்வு கடினமில்லை. வரிசையை அமைத்து, சந்தேக நபருக்கு இடம் தேர்ந்துகொள்ள வாய்ப்புக் கொடுத்தபின், அதைப் பார்த்திராத வேறொரு நீதிமன்ற ஊழியரோ இன்னொரு நடுவரோ சாட்சியை அழைத்துவரட்டும். தெரிந்தவர்கள் சாட்சியின் கண்ணில் படாத இடத்துக்குப் போய்விடட்டும். கேமரா ஓடட்டும். புதிய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில், மாற்றுத்திறனாளி சாட்சி அடையாளம் காட்டும்போது ஒலி-ஒளிப் பதிவு வேண்டும் என்கிறது 54ஆம் பிரிவு. எல்லாச் சாட்சிக்கும் செய்தால் யார் தடுக்கப் போகிறார்கள்?

இதெல்லாம் செய்தும், கைதான அன்றே தொலைக்காட்சியில் முகம் வந்துவிட்டாலோ, காவல் நிலையத்தில் வைத்துச் சாட்சிக்குச் செல்பேசியில் படம் காட்டியிருந்தாலோ பயனில்லை. அணிவகுப்பில் சாட்சி காட்டப்போவது படத்தில் பார்த்த முகத்தை. காட்டனுக்கு நடந்தது அதேதான். எனவே சாட்சியிடம் முதல் கேள்வியே ‘இந்த ஆளையோ படத்தையோ இதற்கு இடையில் எங்காவது பார்த்தீர்களா, யாராவது காட்டினார்களா?’ என்பதாக இருக்க வேண்டும்.

இவ்வளவு சொன்னபின் சட்டத்தைப் பற்றி ஒரு வருத்தத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அணிவகுப்பு வெறும் வலுச்சேர்க்கும் சான்று, நீதிமன்றத்தில் கூண்டில் நின்று காட்டுவதே அடிப்படைச் சாட்சியம் என்று உச்ச நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. அணிவகுப்பே நடத்தாவிட்டாலும், தக்க வழக்கில், கூண்டில் காட்டுவதை மட்டும் ஏற்கலாம். சத்தியப் பிரமாணத்தின் கீழ், எதிரியின் முன்னிலையில், குறுக்கு விசாரணைக்கு உட்பட்டுச் சொல்வது என்பதால் அந்தத் தர்க்கம் புரிகிறது. ஆனால் நினைவைப் பற்றித் தெரிந்ததெல்லாம் இதை அப்படியே தலைகீழாக்குகிறது. மூன்று ஆண்டு கழித்து, எதிரி கூண்டில் தனியாக நிற்கும் ஒருவனைச் சுட்டுவது சோதனையே இல்லை. நினைவு அசலாகச் சோதிக்கப்பட்டது சிறை முற்றத்தில், அந்த முதல் சில நிமிடங்களில்தான். அங்கே நடுவர் எழுதும் குறிப்பில்தான் அந்த நிமிடங்கள் பிழைக்கின்றன, அல்லது காணாமல் போகின்றன.

குறிப்பு என்றதும் ஒன்று சொல்கிறேன். அந்தப் பிளாஸ்திரி வழக்கின் சாட்சி, ஐம்பது வயதைக் கடந்த பூ வியாபாரம் செய்யும் அம்மா. இரண்டு முறை வரிசையைச் சுற்றி வந்தார். ஆறாவது ஆள் முன்னால் நின்று, என் பக்கம் திரும்பி, ‘இவன் மாதிரி இருக்குங்க ஐயா’ என்றார். ‘தொட்டுக் காட்டுங்கள்’ என்றேன். தொட்டார். ‘சாட்சி எதிரியைத் தொட்டு அடையாளம் காட்டினார்’ என்று எழுதி, கையெழுத்துப் போட்டேன். அச்சடித்த படிவத்தில் ‘மாதிரி’க்கு இடம் கிடையாது.

இரண்டு ஆண்டு கழித்து அந்த வழக்கில் நானே சாட்சிக் கூண்டில் ஏறினேன். எதிர்த்தரப்பில் உங்களைப் போன்ற ஓர் இளம் வழக்கறிஞர். ‘அடையாளம் காட்டும்போது அந்த அம்மா வேறு ஏதாவது சொன்னார்களா?’ என்று கேட்டார். நல்ல கேள்வி. என் குறிப்பைப் புரட்டினேன், அதில் எதுவும் இல்லை. ‘இல்லை’ என்றேன். அப்போது எனக்கு உண்மையிலேயே நினைவில்லை. இந்த ஆய்வுகளைப் படித்தபோதுதான் ஒருநாள் அந்தக் குரல் காதில் கேட்டது. அந்த அம்மா அப்படிச் சொன்னாரா, அல்லது படித்ததெல்லாம் சேர்ந்து என் நினைவுக்குள் அந்தச் சொல்லைப் போட்டுவிட்டதா என்று நீங்கள் என்னைக் குறுக்கு விசாரணை செய்தால், என்னிடம் காட்ட ஒரு காகிதமும் இல்லை.